ஆறு பேருக்கு ஒரே டிக்கெட் போடலாமா?

ஐஆர்சிடிசி தளத்தில் பயணிகள் விவரம் நிரப்பும் பக்கம் பார்வைக்கு எளிமையானது. பெயர், வயது, பாலினம், பெர்த் விருப்பம் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நிரப்பிக்கொண்டே போனால் பணம் கட்டும் இடம் வந்துவிடும். ஆனால் அந்தக் கட்டங்களுக்குள்ள பலம் ஒன்றல்ல. வயதுக் கட்டம் கட்டணத்தையே மாற்றும். பெர்த் விருப்பம் வெறும் வேண்டுகோள், அதற்கு உத்தரவாதம் கிடையாது. வீட்டுப் பெரியவருக்கு லோயர் கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்யும் இரண்டு விஷயங்களை இந்தப் பக்கத்துக்கு வருவதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்: எந்தக் கோட்டாவில் தேடுகிறோம், ஒரு டிக்கெட்டில் யார் யாரைச் சேர்க்கிறோம்.

எழுபது வயதுக்காரர் அப்பர் பெர்த்தில் ஏற முடியாமல் இரவு பத்து மணிக்கு எதிர் இருக்கைக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருப்பதை ரயிலில் போகிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நிலைமையில் பாதிக்கு இடம் இல்லாதது காரணம். மீதிப் பாதிக்கு அந்த டிக்கெட் போடப்பட்ட விதம் காரணம் என்பது என் முடிவு. குடும்பமாகப் போகிறவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம் என்பதால், ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

பொங்கலுக்குச் சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் மூன்றடுக்கு ஏசியில் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு 71 வயது, பாட்டிக்கு 66. மகனுக்கு 42, மருமகளுக்கு 38. முழங்கால் வலி உள்ள அத்தைக்கு 47. பேத்திக்கு 9, பேரனுக்கு 3. தலைகள் ஏழு. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயண நாளை அந்த 60-இல் சேர்க்கக் கூடாது. ஆகவே ஜனவரி 13-ஆம் தேதி ரயிலுக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்குக் கதவு திறக்கும். திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும் என்ற விதி 2025 அக்டோபரில் வந்தது. அதை அன்று காலை செய்துகொள்ளலாம் என்று விட்டுவைக்கக் கூடாது.

முதலில் குழந்தைகள். சாதாரண முன்பதிவில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் போகலாம் (தட்கலில் நான்கு பேர்). ஏழு பேர் இருக்கிறார்களே என்று பலர் இங்கேயே குழம்புவார்கள். மூன்று வயதுப் பேரனுக்குத் தனிப் படுக்கை தேவையில்லை என்றால் அவன் அந்த ஆறில் சேரவே மாட்டான். ஐந்து வயது நிரம்பாத குழந்தை படுக்கை இல்லாமல் வந்தால் கட்டணமே கிடையாது. அதற்காகவே பயணிகள் வரிசைக்குக் கீழே, படுக்கையில்லாக் கைக்குழந்தை என்று தனி இடம் வைத்திருக்கிறார்கள். அவன் பெயரை அங்கே எழுத வேண்டும். அவசரத்தில் மேலே உள்ள பயணிகள் வரிசையில் எழுதிவிட்டால், அவனுக்கும் ஒரு படுக்கை ஒதுக்கி, பெரியவர் கட்டணம் முழுவதையும் தளம் கேட்கும். தவறாகக் கேட்பதாக நினைக்க வேண்டாம். ஐந்துக்குக் கீழுள்ள குழந்தைக்கும் வேண்டுமென்றால் பணம் கட்டிப் படுக்கை வாங்கலாம் என்ற வசதி இருக்கிறது, நாம் அதைத் தெரியாமல் தேர்ந்தெடுத்திருப்போம். ஏன் மொத்தத் தொகை இவ்வளவு வருகிறது என்று பணம் கட்டும் முன் ஒருமுறை பார்த்தாலே இந்தப் பிழை பிடிபட்டுவிடும்.

ஒன்பது வயதுப் பேத்தியின் கணக்கு வேறு. ஐந்து முதல் பதினொன்று வரையுள்ள பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் என்று நாம் வளர்ந்த காலத்து வழக்கம் மனதில் அப்படியே இருக்கிறது. 2016 ஏப்ரல் 21 முதல் அது மாறிவிட்டது. பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தால்தான் அடிப்படைக் கட்டணத்தில் பாதி. அப்படி எடுத்தால் டிக்கெட்டில் அவள் பெயருக்கு எதிரே படுக்கை எண்ணுக்குப் பதிலாக NOSB என்று வரும். இரவு முழுவதும் அம்மாவின் படுக்கையில்தான் அவளும் படுக்க வேண்டும். ஐந்தாறு வயது என்றால் சமாளிக்கலாம். ஒன்பது வயதுப் பெண்ணும் அம்மாவும் மூன்றடுக்கு ஏசியின் மிடில் பெர்த்தில் ஒன்றாகப் படுப்பது இருவருக்குமே தூக்கமில்லாத இரவு. மிச்சமாகும் தொகைக்கு அது தகாது என்பேன். அதோடு, NOSB என்று எடுத்தாலும் ஆறு பேர் கணக்கில் அவள் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்வாள்.

திரும்பி வரும்போது பகல் ரயிலான வைகையில் வந்தால் இந்தத் தேர்வே இருக்காது. இருக்கை வகுப்புகளில், அதாவது ஏசி சேர் காரிலும் முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டியிலும், ஐந்து வயதானால் முழுக் கட்டணம்தான். வந்தே பாரத்துக்கும் இதே விதி. போகும்போது பாதி, வரும்போது முழுது என்று கட்டணம் வேறுபட்டால் பதற வேண்டாம்.

சலுகைக்கு வருவோம். மூத்த குடிமக்களுக்கு, அதாவது 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் 20-இல் நிறுத்தப்பட்டது. தொற்றுக் காலம் முடிந்தபின் திரும்பும் என்று பலரும் காத்திருந்தார்கள், அது வரவில்லை. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்கு அது சிறிய தொகையல்ல. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த நிறுத்தத்தால் இன்னொரு நஷ்டமும் நேர்ந்திருக்கிறது. சலுகை போய்விட்டது என்ற செய்தியோடு, வயதைச் சரியாகப் போட்டு இனி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணமும் பரவிவிட்டது. அப்பாவின் வயதைக் குத்துமதிப்பாக 58 என்று போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போனது கட்டணச் சலுகை மட்டும்தான். வயதை வைத்துக் கிடைக்கும் லோயர் பெர்த் ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது.

அந்த ஏற்பாட்டின் வயது வரம்பும் வேறு. ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45. 58 என்ற பழைய சலுகை வயதையே நினைவில் வைத்திருப்பதால், 47 வயது அத்தைக்கு இதில் பங்கு உண்டு என்பது வீட்டில் யாருக்கும் தோன்றாது. இந்த வயதுக்காரர்களுக்கு, பெர்த் விருப்பம் எதையும் குறிப்பிடாவிட்டாலும், பதிவு செய்யும் நேரத்தில் லோயர் மீதமிருந்தால் கணினி தானாகவே கொடுக்க வேண்டும் என்பது விதி. மீதமிருந்தால் என்பதுதான் இதில் கனமான சொல். பண்டிகை நாளில் பொதுக் கோட்டாவின் லோயர்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வயது 71 என்றிருந்தாலும் மிடிலோ அப்பரோதான்.

இதற்காகவே பொதுக் கோட்டாவிலிருந்து சில லோயர்களைப் பிரித்துத் தனியாக வைத்திருக்கிறார்கள். ஸ்லீப்பரில் ஒரு பெட்டிக்கு ஆறேழு, மூன்றடுக்கு ஏசியில் நான்கைந்து, இரண்டடுக்கு ஏசியில் மூன்று நான்கு. ரயிலில் அந்த வகுப்புப் பெட்டிகள் எத்தனை என்பதைப் பொறுத்து எண்ணிக்கை கூடும், குறையும். இந்த இடங்கள் பயணிகள் பக்கத்தில் எங்கும் கண்ணில் படாது. ரயிலைத் தேடும் முதல் பக்கத்திலேயே, GENERAL என்று இருக்கும் கோட்டாப் பட்டியலைத் திறந்து LOWER BERTH/SR. CITIZEN என்பதைத் தேர்ந்தெடுத்துத் தேட வேண்டும். அப்போதுதான் அந்தத் தனிக் கையிருப்பில் எத்தனை இடம் இருக்கிறது என்று காட்டும். GENERAL-இல் தேடிவிட்டு, பிறகு பயணிகள் பக்கத்தில் லோயர் என்று குறித்துவிட்டால் இந்தக் கோட்டாவுக்குள் போய்விட்டோம் என்று நினைப்பது பரவலான தவறு.

கோட்டாவுக்கு ஒரு கறாரான நிபந்தனை உண்டு. டிக்கெட்டில் ஒருவர் இருக்கலாம், அல்லது இரண்டு பேர் இருக்கலாம். இரண்டு பேர் என்றால் இருவருமே வயது வரம்புக்குள் வர வேண்டும். 71 வயதுத் தாத்தாவோடு 42 வயது மகனைச் சேர்த்தால் கோட்டா பொருந்தாது. தாத்தா, பாட்டி, அத்தை என்று தகுதியுள்ள மூவரை ஒரே டிக்கெட்டில் போட்டாலும் பொருந்தாது. நம் குடும்பம் ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் எழுதும்போதே இந்தத் தனிக் கையிருப்பை முழுவதுமாக விட்டுக்கொடுத்துவிடுகிறது. எழுதுகிற கைக்கு அது தெரிவதில்லை.

அப்படியானால் எப்போதும் பிரித்துத்தான் போட வேண்டுமா? இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஒரே டிக்கெட்டுக்கும் உறுதியான நன்மைகள் உண்டு. மூன்றடுக்கு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் எட்டுப் படுக்கைகள் சேர்ந்தது ஒரு தடுப்பு. 1, 4 லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். 8 சைடு அப்பர். காலை 8 மணிக்கே, பெட்டிகள் காலியாக இருக்கும்போது ஆறு பேருக்குப் பதிவு செய்தால் ஒரு தடுப்பின் எதிரெதிர்ப் படுக்கைகள் ஆறும் சேர்ந்தே கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. யார் பெயரில் எந்த எண் வந்தாலும் கவலையில்லை. உள்ளே போய் மாற்றிப் படுத்துக்கொள்ளலாம். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இரண்டு லோயர் கையில் இருக்கும். அத்தைக்கு மட்டும் மூன்றாவது லோயர் இல்லை.

ஒரே டிக்கெட்டின் இன்னொரு நன்மை வெயிட்டிங் லிஸ்டில் தெரியும். ஆறு பேரில் இருவருக்கு இடம் உறுதியாகி, நான்கு பேர் சார்ட் தயாராகும்போதும் காத்திருப்பில் இருந்தாலும், அது ஒரே பிஎன்ஆர் என்பதால் நால்வரும் ரயிலேறலாம். இருக்கிற படுக்கைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதே நால்வர் தனி டிக்கெட்டில் இருந்து, அதில் ஒருவருக்குக்கூட இடமோ ஆர்ஏசியோ வராவிட்டால், சார்ட் தயாரானதும் அந்த டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். தாத்தாவும் பாட்டியும் லோயரில் உறுதியாக இருப்பார்கள், அழைத்துப் போக வேண்டியவர்கள் பிளாட்பாரத்தில் நிற்பார்கள். பிரித்துப் போடு என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. வயதான இருவரைத் துணையில்லாமல் அனுப்ப முடியாத வீட்டுக்கு இது லோயரைவிடப் பெரிய பிரச்சினை.

ஆகவே என் கணக்கு இது. திறந்த உடனே பதிவு செய்ய முடிகிறது, ஆறு பேருக்கும் இடம் நிறையக் காட்டுகிறது என்றால், தாத்தா பாட்டி இருவருக்கு மட்டும் லோயர் போதுமான வீடு ஒரே டிக்கெட் போடலாம். மூன்றாவதாக ஒருவருக்கும் லோயர் கட்டாயம் என்றால், அல்லது சில நாள் கழித்து, பெட்டிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிரம்பிய பிறகு பதிவு செய்கிறோம் என்றால் பிரிக்க வேண்டும். ஆனால் மீதிப் பேருக்கும் உறுதியான இடம் காட்டும்போது மட்டும். GENERAL காத்திருப்பில் இறங்கிவிட்டது, கோட்டாவில் மட்டும் இரண்டு இடம் இருக்கிறது என்ற நிலையில், பெரியவர்கள் தனியே போகத் தயாரா என்று வீட்டில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அத்தையின் முழங்காலைக் கணக்கில் எடுத்தால் நம் குடும்பத்துக்கு மூன்று டிக்கெட் ஆகிறது. தாத்தாவும் பாட்டியும் கோட்டாவில் ஒன்று. அத்தை தனியாக அதே கோட்டாவில் ஒன்று. மகன், மருமகள், பேத்தி மூவரும் பேரனைக் கைக்குழந்தை இடத்தில் சேர்த்துக்கொண்டு GENERAL-இல் ஒன்று. கூடுதல் செலவு அதிகமில்லை. வசதிக் கட்டணம் ஆள் கணக்கில் வராமல் டிக்கெட் கணக்கில் வருவதால், யுபிஐயில் கட்டினால் ஏசி வகுப்புக்கு ஒரு டிக்கெட்டுக்கு 20 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும்தான். ரத்து செய்தால் அது திரும்பாது.

பிரித்த டிக்கெட்டுகள் வெவ்வேறு பெட்டியில் போய் விழும் ஆபத்தைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. கோட்டா டிக்கெட்டை முதலில் முடிக்க வேண்டும். அதில் B4 என்று பெட்டி வந்தால், அடுத்த டிக்கெட்டின் பயணிகள் பக்கத்தில், கூடுதல் விருப்பங்கள் பகுதியில், விருப்பப் பெட்டி எண் கேட்கும் இடத்தில் B4 என்று எழுதலாம். அந்தப் பெட்டியில் இடமிருந்தால் கொடுக்கும். திறக்கும் நாள் காலையில் ஒன்று முடிந்து அடுத்தது என்று போவதற்குள் இடம் தீர்ந்துவிடக்கூடும் என்பதால், அன்று வீட்டில் இருவர் தத்தம் கணக்குகளில் ஒரே நேரத்தில் போடுவதுதான் நல்லது. பெட்டி ஒன்றாக அமையாவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம், இடமே இல்லாமல் போவதற்கு அது பரவாயில்லை.

அதே பகுதியில் இன்னொரு தேர்வும் உண்டு. ஒரு லோயராவது கிடைத்தால் மட்டும் பதிவு செய், இரண்டு லோயர் கிடைத்தால் மட்டும் பதிவு செய், எல்லோருக்கும் ஒரே பெட்டி என்றால் மட்டும் பதிவு செய் என்று நிபந்தனை போடலாம். பெர்த் விருப்பத்தைப் போல இது வேண்டுகோள் இல்லை. நிபந்தனை நிறைவேறாவிட்டால் டிக்கெட்டே வராது, கட்டிய பணம் பிறகு திரும்பும். சாதாரண வாரநாள் பயணத்துக்கு இது மிகவும் பயனுள்ளது. பொங்கல் காலையில் இதைக் குறித்தால், பணம் கட்டி, டிக்கெட் வராமல், மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்குள் வரிசை காத்திருப்புக்குப் போயிருக்கும். அந்த நாளில் இதைத் தொடாமல் விடுவதே நல்லது.

மாற்றுத்திறனாளி ஒருவர் குடும்பத்தில் இருந்தால் பிரிப்பது தவிர்க்க முடியாதது. இன்றும் நடைமுறையில் உள்ள கட்டணச் சலுகைகளில் இணையத்தில் எடுக்கக்கூடியது முக்கியமாக இதுதான். நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் உள்ள சலுகைகளுக்கு முன்பதிவு மையத்துக்குச் சான்றிதழோடு போக வேண்டும். மாற்றுத்திறனாளிச் சலுகையை இணையத்தில் எடுப்பதற்கு ரயில்வே வழங்கும் அடையாள அட்டை முன்பே கையில் இருக்க வேண்டும். முதல் பக்கத்திலேயே Person With Disability Concession என்ற கட்டத்தைக் குறித்துவிட்டுத் தேடினால்தான் அட்டை எண் கேட்கும் இடம் பயணிகள் பக்கத்தில் வரும். துணையின்றிப் பயணம் செய்ய இயலாத உடல் ஊனமுற்றவருக்கும் பார்வையற்றவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம் குறையும், உடன் வரும் துணை ஒருவருக்கும் அதே அளவு குறையும். மற்றவர்களுக்கு வேறு டிக்கெட்.

இவ்வளவையும் ஒரு பயணி தானே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது சரியில்லை. வயது 71 என்று எழுதிய நொடியில் அது கணினிக்குத் தெரிந்துவிடுகிறது. கோட்டாவில் எத்தனை லோயர் மீதமிருக்கிறது என்பதும் அதற்குத் தெரியும். இந்த இருவரைத் தனி டிக்கெட்டில் போட்டால் லோயர் இருக்கிறது என்று ஒரு வரி காட்டுவது தொழில்நுட்பத்துக்குப் பெரிய வேலையில்லை. காப்பீடு வேண்டுமா என்று விடாமல் கேட்கும் பக்கத்தில் இதற்கும் ஓரிடம் இருக்கலாம். அந்த ஒரு வரி வரும்வரை, கோட்டா இருப்பதைத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது பயன்படும். கிராமத்திலிருந்து பேரனின் கைபேசியில் டிக்கெட் எடுக்கும் மூத்தவர்களுக்கு எட்டாமலே இருக்கும்.

டிக்கெட் வந்தவுடன் இரண்டு நிமிடம் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். LB, MB, UB, SL, SU என்ற குறிகள் வரிசையாக லோயர், மிடில், அப்பர், சைடு லோயர், சைடு அப்பர். குறியில்லாமல் எண் மட்டும் தெரிந்தால் எட்டால் வகுத்து மீதியைப் பார்க்கலாம். 37-ஐ வகுத்தால் மீதி 5, ஆகவே மிடில். 33-க்கு மீதி 1, லோயர். மீதி ஏதுமில்லாமல் வகுபட்டால் சைடு அப்பர். இரண்டடுக்கு ஏசிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே தடுப்புக்கு ஆறு படுக்கைதான். சைடு லோயர் வந்திருந்தால், அது இரண்டு இருக்கைகளை மடக்கிச் சேர்த்த படுக்கை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முதுகு வலி உள்ளவருக்கு அதைக் கொடுக்காமல் உள்ளேயே மாற்றிக்கொள்ளலாம்.

வயதோ பாலினமோ தவறாக விழுந்திருந்தால் தளத்தில் போய்த் திருத்த வழியில்லை. இந்தப் பிழை பெரும்பாலும் பழைய டிக்கெட்டைப் பார்த்து வயதை எழுதுவதால் வருகிறது. கணக்கின் சுயவிவரத்தில் உள்ள Master List-இல் ஒவ்வொருவரின் பிறந்த தேதியையும் ஆதாரில் உள்ளபடி ஒருமுறை சேர்த்து வைத்துவிட்டால், காலை 8 மணிப் பரபரப்பில் எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம், பெயரைத் தேர்ந்தெடுத்தாலே போதும். 59 வயதுக்காரருக்கு 60 என்று வேண்டுமென்றே போடுவதும் நடக்கிறது. டிடிஆர் வயதுச் சான்று கேட்கும்போது பதில் இருக்காது என்பது ஒரு பக்கம். பெட்டிக்கு நான்கைந்து மட்டுமே உள்ள இடத்தில் ஒன்றை முடியாத ஒருவரிடமிருந்து எடுக்கிறோம் என்பது இன்னொரு பக்கம்.

பிரித்துப் போட்டவர்கள் மறந்துவிடும் ஒன்று அடையாள அட்டை. ஒரு பிஎன்ஆரில் உள்ளவர்களில் ஒருவராவது அசல் அட்டை வைத்திருக்க வேண்டும். ஒரே டிக்கெட் என்றால் மகனின் அட்டையே ஆறு பேருக்கும் போதும். மூன்று டிக்கெட் என்றால் மூன்று அட்டை: தாத்தா அல்லது பாட்டியினுடையது ஒன்று, அத்தையினுடையது ஒன்று, மகனுடையது ஒன்று. எல்லா முயற்சிக்கும் பிறகு பாட்டிக்கு அப்பரே வந்துவிட்டால், ரயில் கிளம்பியபின் டிடிஆரிடம் கேட்கலாம். காலியாக இருக்கும் லோயரை மூத்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மாற்றிக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. வராத பயணி யாரென்பது அவருக்குப் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்த பிறகுதான் தெரியும். எழும்பூரில் ஏறியவுடன் கேட்பதைவிட, செங்கல்பட்டு தாண்டியபின் கேட்டால் பலன் இருக்கும்.